சிறுகதை: இரண்டு இலை (படித்துவிட்டுக் கருத்து சொல்லுங்கள்)

வேளிமலை எழுதியது:

குமரி மாவட்டத்தில் இரவுப் பணி பார்த்த செவிலியர் நான். இதில் வரும் பெரியவர் ஒரே ஆள் இல்லை, நான் பார்த்த பலரைச் சேர்த்து உருவாக்கியவர். கதையாகவும் பாருங்கள், வார்டில் இப்படி நடக்குமா என்றும் பாருங்கள்.

—

எட்டு மணிக்குப் பொறுப்பு கைமாறும்போது பகல் சிஸ்டர் ஒரே வரியில் முடித்துவிட்டாள். "பதினொண்ணு, ஓரல் நில். திங்கக்கிழமை வரைக்கும் பாத்துட்டு மூக்கு வழியா ரைல்ஸ் டியூப் போடணும்னு சார் சொல்லியிருக்கார்."

பதினொன்றாம் படுக்கைப் பெரியவருக்கு 78 வயது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவையில் மூட்டுப் பந்தை மாற்றி ஒன்பது நாள் ஆகிறது. அவர் விழுந்தது மனைவியை அடக்கம் செய்த மூன்றாவது வாரம். காயம் நன்றாக ஆறிவந்தது, காய்ச்சலும் இல்லை. வாயைத்தான் திறக்கவில்லை. இட்லி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரொட்டி பாலில் ஊறிக் கூழாகும்வரை அப்படியே இருக்கும். மகள் ஸ்பூனை உதட்டருகில் வைத்துக்கொண்டு "ஒரு வாய்ப்பா, எனக்காக ஒரு வாய்" என்று கெஞ்சுவாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

இரவு சிஸ்டருக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். இந்த மாவட்டத்துக்கு வந்து ஆறு மாதம்தான். பகலில் எல்லாரும் சொல்லும் 'எப்பப் பாத்தாலும் தூங்குறார்' என்ற பெரியவரை அவள் பார்த்ததே இல்லை. அவள் பார்த்தவர் மூன்று மணிக்கெல்லாம் விழித்துக்கொள்பவர்.

"மணி என்ன பிள்ளே?"

"மூணே கால் பாட்டா."

"வெட்டுக்குப் போற நேரம்."

அவள் திடுக்கிட்டு, இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். இரண்டும் சரியாகச் சொன்னார். "எனக்குப் புத்தி தெளிவாத்தான் இருக்கு. மரமெல்லாம் அங்க நிக்கி, நான் இங்க கெடக்கேன். அதச் சொன்னேன்."

அவர் குலசேகரம் பக்கம் நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர் என்பது கேஸ் ஷீட்டில் இல்லை. தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் இருந்தது.

மறுநாள் இரவும் அதே நேரத்துக்கு விழித்தார். மாத்திரை கொடுத்துவிட்டு அவள் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தாள். திரும்பி வந்தபோது காலியான மாத்திரைக் கவரை எடுத்து மடியில் வைத்திருந்தார். பழுப்புக் காகிதக் கவர். அதன் ஒரு மூலையை உள்ளே வளைத்தார், எதிர் மூலையை அதன் மேல் கொண்டுவந்தார், கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். குத்த எதையோ தேடுபவர்போல் இடது கை போர்வையைத் தடவியது. எதுவும் கிடைக்காமல் விட்டதும் கவர் விரிந்துகொண்டது. மறுபடி மடித்தார். பக்கத்தில் இன்னொரு கவரும் மடிப்பு விழுந்து கிடந்தது.

ஐந்து மணிக்குத் தரை துடைக்க வந்த அக்காவிடம் அவள் அதைக் காட்டினாள். அக்காவுக்குத் திருவட்டாறு. பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

"பிலாவிலை கோட்டுறாரு சிஸ்டர். கஞ்சி குடிக்க. இங்க பழைய ஆளுவோ ஸ்பூனா வச்சுக் குடிச்சாங்க. இலையைக் கோட்டி ஈர்க்கு வச்சுக் குத்திருவோம்."

"கஞ்சி தினமும்தானே குடுக்குறாங்க?"

"அது மிக்ஸியில அடிச்ச வெள்ளைப் பசை. அதை இவரு கஞ்சின்னு சொல்ல மாட்டாரு."

அன்று காலை பணி முடிந்ததும் அவள் கிளம்பாமல் மகளுக்காகக் காத்திருந்தாள். வெட்டுக்குப் போன நாளில் அப்பா எப்போது சாப்பிடுவார் என்று கேட்டாள்.

"மூணரைக்குக் கட்டஞ்சாயா குடிச்சுட்டுப் போவாரு. வெட்டி முடிச்சுட்டு, பால் சிரட்டையில வடியுற வரைக்கும் உக்காந்திருப்பாரு. அப்ப அம்மா தூக்குவாளியில கஞ்சியும் பயறும் கொண்டு போவா. சிவப்பரிசிக் கஞ்சி. ரெண்டு பேரும் அங்கயே குடிச்சுட்டு, அப்புறம் சேந்து பால் எடுப்பாங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "நானும் அதே கஞ்சிய வச்சுக் கொண்டுவந்தேன் சிஸ்டர். தொடவே இல்ல."

டியூட்டி டாக்டர் மறுக்கவில்லை. ஆறு ஸ்பூன், உட்கார வைத்து, இருமினால் உடனே நிறுத்த வேண்டும் என்றார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடச் சொன்னார்.

அடுத்த நாள் விடிகாலை. மகள் ஃபிளாஸ்கில் கொண்டுவந்த கஞ்சி, அரிசி கரைந்து நூலாக விழும் பதத்தில் இருந்தது. பயறு தோலோடு மசிந்திருந்தது. மேலே தேங்காய்த் துருவல், ஒரு கல் உப்பு. துடைக்கும் அக்கா மடியிலிருந்து இரண்டு பலா இலையை எடுத்துத் தந்தாள். சிஸ்டர் அவற்றைக் கழுவித் துடைத்துப் பெரியவர் கையில் கொடுத்தாள்.

அவர் இலையைப் புரட்டிப் பார்த்தார். காம்பைக் கிள்ளினார். பளபளப்பான முகம் உள்பக்கம் வரும்படி மடித்து, அக்கா நீட்டிய ஈர்க்கை ஒடித்துக் குத்தினார். கை நடுங்கியது, ஆனால் குத்தியது இறுகப் பிடித்தது. முதல் இலையைத் தன் மடியில் வைத்துவிட்டு இரண்டாவதைக் கோட்டினார். அதைச் சிஸ்டரிடம் நீட்டினார்.

"நான் டியூட்டியில இருக்கேன் பாட்டா."

"அவளும் வேலையிலதான் இருந்தா."

மகள் கதவருகில் நின்றாள். அவளை உள்ளே வரச் சொல்லி இலையை அவளிடம் கொடுத்துவிடலாமா என்று சிஸ்டர் ஒரு கணம் யோசித்தாள். பெரியவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். டம்ளரில் தனக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் தான் ஒரு வாய் குடித்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் இலையைக் கிண்ணத்தில் அமிழ்த்தி எடுத்தார்.

ஆறு ஸ்பூன் என்றால் எத்தனை இலை என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டாவது இலையில் கிண்ணத்தை மெல்ல நகர்த்தினாள். "உப்பு கம்மி" என்றார் அவர்.

சார்ட்டில் 6:10க்கு நேரே 'கஞ்சி, 60 மி.லி., வாய்வழி, இருமல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

—

சாரல் எழுதியது:

அருமை. 'அவளும் வேலையிலதான் இருந்தா' என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு குறை சொல்கிறேன். காகிதக் கவரை மடிப்பது கதைக்காகச் செய்த துப்பு மாதிரி இருக்கிறது. மகளுக்குப் பலா இலை விஷயம் தெரியாமலா இருக்கும்? கஞ்சி கொண்டுவந்தவள் இலையைக் கொண்டுவராமல் இருப்பாளா?

இன்னொன்று, கதையின் உண்மையான கண்டுபிடிப்பு கஞ்சி இல்லை என்று நினைக்கிறேன். மகள் அதே கஞ்சியைக் கொடுத்தபோது அவர் தொடவில்லையே.

ரப்பர்க்காடு எழுதியது:

குலசேகரத்துக்காரன். என் அப்பாவும் வெட்டுக்காரர்தான், அதனால் இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். விவரங்கள் பெரும்பாலும் சரி. விடியுமுன் வெட்டுவதற்குக் காரணம், குளிர்ச்சியில் மரத்தில் நீர் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறப் பால் வடிவது நின்றுவிடும். ஒரு ஆளுக்கு 300 மரம் என்று வைத்தாலும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனால்தான் முடியும். வெட்டுக்கும் பால் எடுப்பதற்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் எங்கள் வீட்டிலும் கஞ்சி நேரம்.

மகளைப் பற்றி: எங்கள் தலைமுறையில் பலா இலையை யாரும் நினைப்பதில்லை. வீட்டிலேயே ஸ்பூன் வந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. அப்பா காட்டில்தான் இலையில் குடித்தார், வீட்டில் இல்லை. அதனால் மகளுக்கு அது தோன்றாமல் போனது எனக்கு இயல்பாகப் படுகிறது. மாத்திரைக் கவரும் அப்படித்தான். என் அப்பா ஓய்ந்தபிறகு தினசரித் தாளை எதற்கென்று தெரியாமல் வரி வரியாகச் சாய்த்துக் கிழிப்பார். பட்டையில் கத்தி இறங்கும் அதே சாய்வு. கைக்கு அதுதான் தெரியும்.

ஒரு திருத்தம். இலை நல்ல பழுத்ததாக இருந்தால் மடிக்கும்போது கிழியும், ரொம்பத் தளிராக இருந்தால் சூட்டில் துவண்டுவிடும். முற்றிய பச்சை இலைதான் நிற்கும். கதையில் அதை ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்.

பழைய மேட்ரன் எழுதியது:

கதை எனக்குப் பிடித்தது. இருந்தாலும் இதைப் படித்துவிட்டு வீட்டில் யாராவது அப்படியே செய்யப் போகிறார்கள் என்ற கவலையில் எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் இருந்தவள்.

வேளிமலை, நீங்கள் டியூட்டி டாக்டர், இரத்தப் பரிசோதனை, தயமின் மூன்றையும் ஒரே பத்தியில் கடந்துவிட்டீர்கள். கதைக்கு அது போதும். ஆனால் அந்த ஆறு ஸ்பூன் எதற்கு என்று தெரியாதவர்கள் அதைக் கஞ்சத்தனம் என்று நினைப்பார்கள்.

பத்து நாள் அளவுக்கு ஒன்றும் சாப்பிடாத உடம்பு, தன் கொழுப்பை எரித்து ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று அரிசியும் வெல்லமும் உள்ளே போனால் இன்சுலின் ஏறும். இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மூச்சு வாங்கும், கால் வீங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போதுதான் ஆள் கவிழ்வார். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுதலையான கைதிகள் பலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்ததில்தான் மருத்துவ உலகம் இதைக் கவனித்தது.

இந்தப் பெரியவர் 44 கிலோ என்று வையுங்கள். இப்படி ஆபத்து அதிகமுள்ளவருக்கு முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரி, அதாவது 440 கலோரியில் தொடங்கி, நாலிலிருந்து ஏழு நாளில் மெல்ல ஏற்ற வேண்டும். ஒரு கைப்பிடி அரிசி, ஒரு கரண்டி பயறு, கொஞ்சம் தேங்காய் போட்டு வைத்த கஞ்சி முழுவதும் குடித்தால் 200 கலோரிக்குக் கிட்டத்தட்ட வரும். அப்படியென்றால் நாள் முழுக்கச் சேர்த்து இரண்டு தடவைக்கான கஞ்சிதான், அதுவும் பிரித்துப் பிரித்து. தயமின் முதல் வாய்க்கு முன்பே போக வேண்டும். பாஸ்பேட்டைத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். பல இடங்களில் வழக்கமான பரிசோதனையில் சோடியமும் பொட்டாசியமும்தான் வரும்.

இன்னொரு விஷயம். மூன்று மணிக்கு எழுந்து 'வெட்டுக்கு நேரம்' என்று சொன்னால் என் மனதில் முதலில் வருவது சோகம் இல்லை, அறுவைக்குப் பின் வரும் மனக்குழப்பம். இடுப்பு உடைந்த முதியவர்களுக்கு அது சர்வசாதாரணம். உங்கள் சிஸ்டர் இடமும் கிழமையும் கேட்டது சரியான வேலை.

செங்கோட்டை குமார் எழுதியது:

மேட்ரன் அம்மா சொல்வது புத்தக விதி. பசி திரும்பிய ஆளை நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து. உடம்புக்கே அளவு தெரியும். ஒன்பது நாளும் குளுகோஸ் ஏறிக்கொண்டுதானே இருந்திருக்கும், அப்புறம் என்ன பட்டினி? என் தாத்தாவுக்குச் சர்க்கரை, உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தி, உப்பில்லாத கஞ்சியையே கொடுத்துக் கொடுத்து அவர் சாப்பாட்டையே வெறுத்துவிட்டார். 80 வயதில் என்ன டயட்? கேட்டதைக் கொடுங்கள்.

பழைய மேட்ரன் எழுதியது:

குமார் தம்பி, உங்கள் தாத்தா விஷயத்தில் நான் உங்கள் பக்கம். வயதான, இளைத்துப்போன ஆளுக்கு உப்பையும் எண்ணெயையும் இறுக்கிப் பிடிப்பதால் வரும் நன்மையைவிடச் சாப்பிடாமல் போவதால் வரும் கேடு பல நேரம் பெரியது. அதைத் தளர்த்தச் சொல்லி நானே டாக்டர்களிடம் வாதாடியிருக்கிறேன். கதையில் அவர் 'உப்பு கம்மி' என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாக்கு வேலை செய்கிறது.

ஆனால் குளுகோஸ் சாப்பாடு இல்லை. அரை லிட்டர் 5 சதவீத பாட்டிலில் 25 கிராம் சர்க்கரைதான், நூறு கலோரிகூட வராது. அது தண்ணீர்ச் சத்துக்கு. அது ஏறிக்கொண்டிருந்த ஆளும் பட்டினி கிடந்தவர்தான். உடம்புக்கே அளவு தெரியும் என்பதும் இந்த ஒரு வாரத்துக்குப் பொருந்தாது.

கீதா ஆர் எழுதியது:

நல்ல ரெசிபி போல் இருக்கிறது. சிவப்பரிசியைக் குக்கரில் எத்தனை விசில் விட வேண்டும்? என் ஐந்து வயது மகன் எதுவும் சாப்பிட மாட்டேன் என்கிறான், அவனுக்குக் கொடுக்கலாமா? எங்கள் ஊரில் பலா இலை கிடைக்காது, வாழை இலை பரவாயில்லையா?

வேளிமலை எழுதியது:

கீதா, பையனுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அவன் சாப்பிடாதது வேறு கதை, ஸ்பூனே போதும். சிவப்புப் புழுங்கலரிசி ஒரு கைப்பிடியை அரை மணி நேரம் ஊற வையுங்கள். மூன்று டம்ளர் தண்ணீரோடு குக்கரில் ஆறேழு விசில், பிறகு சிறுதீயில் பத்து நிமிடம். வெள்ளை அரிசிபோல் சீக்கிரம் குழையாது. சிறுபயறை லேசாக வறுத்துத் தனியாக வேக வைத்துச் சேருங்கள். உப்பும் தேங்காயும் இறக்கும்போதுதான்.

மேட்ரன் அம்மா, நீங்கள் எழுதியதைக் கதைக்குள் கொண்டுவர முயன்றேன், அது வகுப்பெடுக்கிற மாதிரி ஆனதால் விட்டேன். இங்கே நீங்கள் எழுதியதுதான் அதற்குச் சரியான இடம்.

சாரல், நீங்கள் சொல்வது உண்மை. கஞ்சி மட்டும் போதுமென்றால் மகள் கொண்டுவந்த அன்றே குடித்திருப்பார். ஆனால் கஞ்சி இல்லாமலும் நடந்திருக்காது. நேரம், அந்த அரிசியின் மணம், கையில் செய்ய ஒரு வேலை, எதிரில் தானும் குடிக்கும் ஒரு ஆள். இதில் எது அவரை அசைத்தது என்று அந்தச் சிஸ்டருக்கும் தெரியாது.

லதா சேலம் எழுதியது:

படித்துவிட்டு அழுதேன். என் அம்மாவுக்கு 81 வயது. அப்பா போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, எடை இறங்கிக்கொண்டே போகிறது. அப்பா இருந்தபோது இருவரும் சேர்ந்து சாப்பிடும் அரிசிம்பருப்பு சாதத்தைச் செய்து கொடுத்தேன். வாயில் வாங்கிக்கொள்கிறார், ஆனால் விழுங்குவதில்லை. கன்னத்தில் அடக்கிவைத்துக்கொண்டே அரை மணி நேரம் இருக்கிறார். சில நேரம் நாக்கால் வெளியே தள்ளிவிடுகிறார். சரியான பதார்த்தத்தை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லையா?

பழைய மேட்ரன் எழுதியது:

லதா, நீங்கள் சொல்வது இந்தக் கதைப் பெரியவர் நிலைமை இல்லை என்று எனக்குப் படுகிறது. வேண்டாம் என்று முகத்தைத் திருப்புவது ஒன்று. வாயில் வாங்கி அடக்கிக்கொள்வது வேறு. விழுங்கும் வேலையிலேயே சிக்கல் இருக்கலாம், மறதி நோயிலும் இப்படி வரும், வாய்ப்புண்ணாகவும் இருக்கலாம். டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். நாக்கில் வெள்ளைப் படலம் இருக்கிறதா, ஈறு சிவந்திருக்கிறதா, பல்செட் ஆடுகிறதா. எடை குறைந்தால் ஈறும் சுருங்கும், நேற்று வரை பொருந்திய செட் இன்று குத்தும். மலம் கழித்து எத்தனை நாள் ஆகிறது என்றும் பாருங்கள். வயிறு அடைத்திருந்தால் எந்தச் சாப்பாடும் இறங்காது.

சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாக, கரகரவென்று கேட்கிறதா? தண்ணீர் குடித்ததும் இருமுகிறாரா? இருந்தால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டிருக்காமல் முதலில் விழுங்கும் திறனைப் பரிசோதிக்க அழைத்துப் போங்கள். வாயில் அடக்கியிருப்பதைத் துடைத்து எடுக்காமல் படுக்க வைக்காதீர்கள்.

இந்த இடத்தில் கதையையும் சொல்ல வேண்டும். கஞ்சி சுலபமான உணவு என்று எல்லாரும் நினைப்பார்கள். தண்ணீராக ஓடுகிற கஞ்சியில் பருக்கை மிதந்தால், விழுங்கத் தடுமாறுகிற ஆளுக்கு அதைவிடச் சிரமமானது குறைவு. தண்ணீர் முன்னால் ஓடிவிடும், பருக்கை வாயிலேயே நிற்கும், இரண்டில் ஒன்று மூச்சுக்குழாய்க்குப் போகும். வேளிமலை 'கரைந்து நூலாக விழும் பதம்' என்று எழுதியிருப்பது நல்லது, அந்தப் பதம்தான் பாதுகாப்பு. பக்கவாதம் வந்த ஆளுக்கு இந்தக் கதையைப் பார்த்துப் பலா இலையில் கஞ்சி கொடுத்துவிடாதீர்கள்.

ஈர்க்கும் எனக்கு உறுத்துகிறது. நடுங்கும் கை, உதட்டுக்கு அருகில் கூர்முனை. நானாக இருந்தால் அவர் குத்தி முடித்ததும் முனையை ஒட்ட நறுக்கிவிடுவேன். புது இடுப்பு என்பதால் நேராக நிமிர்த்தி 90 டிகிரிக்கு மேல் மடங்க விடவும் மாட்டேன். முதுகுப்பக்கம் கொஞ்சம் சாய்த்துத் தலையணை வைத்து, குடித்தபின் அரை மணி நேரம் அப்படியே.

ரப்பர்க்காடு எழுதியது:

காட்டில் முனை வெளியே தள்ளாமல்தான் குத்துவார்கள். மடிப்புக்குள்ளேயே ஏற்றி வெளிப்பக்கம் எடுத்து ஒடித்துவிடுவார்கள். கை நடுங்கும் ஆளுக்கு அது தவறலாம் என்பது உண்மைதான்.

சாரல் எழுதியது:

எனக்கு இன்னும் தீராத கேள்வி, சிஸ்டர் கூடவே உட்கார்ந்து குடித்தது. மேட்ரன் அம்மா, உங்கள் வார்டில் ஒரு ஸ்டாஃப் இப்படிச் செய்திருந்தால்?

பழைய மேட்ரன் எழுதியது:

மெமோ கொடுத்திருப்பேன் என்றுதான் சொல்ல வேண்டும். நோயாளி படுக்கையருகில் ஸ்டாஃப் சாப்பிடக் கூடாது, அதுவும் எலும்பு வார்டில். அறுவைக் காயங்கள் இருக்கும் இடம். விதி காரணமில்லாமல் வந்ததில்லை. விடிகாலை ஆறு மணி என்பது ஊசி, இரத்தம், சார்ட் என்று கை ஓயாத நேரம். முப்பது படுக்கைக்கு இரண்டு பேர் இருக்கும்போது ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் மற்றப் படுக்கைகளை யார் பார்ப்பது?

ஆனால் தனியாகச் சாப்பிடும் முதியவர் குறைவாகச் சாப்பிடுவார், துணையோடு சாப்பிட்டால் அதிகம் சாப்பிடுவார் என்பதை நான் வருடக்கணக்காகச் சார்ட்டில் பார்த்திருக்கிறேன். இரண்டாவது இலையை மகளிடம் கொடுத்திருந்தால் என் மனம் ஒத்துப்போயிருக்கும்.

செங்கோட்டை குமார் எழுதியது:

அதைத்தான் நானும் கேட்கிறேன். மகள் கதவருகில் நிற்கிறாள். பெற்ற மகள் கொண்டுவந்த கஞ்சியைத் தொடாதவர், யாரோ ஒரு நர்ஸ் கையில் குடிக்கிறார். அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? அவள் முகத்தை நீங்கள் எழுதவே இல்லையே.

வேளிமலை எழுதியது:

வேண்டுமென்றேதான் எழுதவில்லை குமார் அண்ணா. நான் பார்த்த மகள்கள் அந்த இடத்தில் ஒரே மாதிரி இருந்ததில்லை. அப்பா வாய் திறந்துவிட்டாரே என்று நிம்மதியானவர்களும் உண்டு, என் கையில் மட்டும் ஏன் வாங்கவில்லை என்று வெளியே போய் நின்றவர்களும் உண்டு.

மகள் கஞ்சி கொண்டுவந்தபோது ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு நின்று ஊட்டினாள். அவள் சாப்பிடவில்லை. அவர் நாற்பது வருடம் யார் கையாலும் ஊட்டி வாங்கியவர் இல்லை. அதோடு மகள் வந்தது பகல் பதினொரு மணிக்கு, மூன்று மணியிலிருந்து விழித்திருந்தவர் கண் சொருகிக் கிடக்கும் நேரம். அந்த வேளைக்கு யார் என்ன கொடுத்தாலும் தள்ளியிருப்பார் என்பது என் கணிப்பு.

மேட்ரன் அம்மா, இரண்டாவது இலையை மகளிடம் கொடுப்பது சரியான செயல்தான். ஆனால் அவர் அதை மகளிடம் நீட்டவில்லை. நீட்டிய கையை அப்போது திருப்பிவிட்டிருந்தால் அவர் குடித்திருப்பார் என்று எனக்கு உறுதியில்லை. மெமோ வந்தால் என் சிஸ்டர் வாங்கிக்கொள்வாள்.

பழைய மேட்ரன் எழுதியது:

வாங்கிக்கொள்ளட்டும். நானும் எழுதத்தான் செய்வேன். ஆனால் திங்கட்கிழமை ரவுண்ட்ஸில் டியூபைத் தள்ளிப்போடச் சொல்லிச் சாரிடம் நானே பேசுவேன். மூன்று நாள் சார்ட்டைக் காட்டி, 60, 120, 200 என்று ஏறியிருந்தால் கேட்பார். ஏறாமல் 60லேயே நின்றால் டியூப் போட்டுத்தான் ஆக வேண்டும், அதில் எனக்குச் சங்கடமில்லை. டியூப் இருக்கும்போதும் வாயால் கொஞ்சம் கஞ்சி கொடுக்கலாம், விழுங்குகிறார் என்றால். மனச்சோர்வுக்கான மருத்துவரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுவேன். கஞ்சி குடித்துவிட்டார் என்பதால் துக்கம் நோயாக மாறவில்லை என்று ஆகாது.

லதா சேலம் எழுதியது:

மேட்ரன் அம்மா, டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கின் ஓரத்திலும் மேலண்ணத்திலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, துடைத்தால் அடியில் சிவப்பாக இருக்கிறது. தண்ணீர் குடித்தபோது ஒரு முறை இருமினார். நாளைக் காலை அழைத்துப் போகிறேன். அதுவரை என்ன கொடுக்கட்டும்?

பழைய மேட்ரன் எழுதியது:

இன்றைக்கு மெல்லிய தண்ணீராகவும் வேண்டாம், பருக்கையாகவும் வேண்டாம். தயிரில் நன்றாக மசித்துக் கட்டியில்லாமல் குழைத்த சாதம், ஸ்பூன் நுனியில் கொஞ்சம், ஒன்றை விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்தது. தொடர்ந்து இருமினால் நிறுத்திவிடுங்கள், நாளை வரை காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். பல்செட்டைக் கழற்றி ஊறப்போடுங்கள், அதிலும் அந்தப் படிவு ஒட்டியிருக்கும். அம்மா சாப்பிடும்போது உங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்காருங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.